பாஸ்கலின் பந்தயம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் நிகழ்தகவு பாடம் எடுக்கிறேன். ‘எதிர்பார்ப்பு மதிப்பு’ என்ற சொல் கரும்பலகையில் ஏறும் அன்றே பாஸ்கலின் பெயரும் வந்துவிடும். பெயர் வந்தால் பந்தயமும் வரும், அப்புறம் அந்த மணி நேரத்தில் கணக்கு நடக்காது. வகுப்பிலும் வெளியே டீக்கடையிலும் கேட்கப்பட்ட கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி வைத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றின் மேல் ஏறி நிற்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. பாஸ்கலின் பந்தயம்னா என்ன சார்? சுருக்கமா சொல்லுங்க.

கடவுள் இருக்கிறாரா என்பதை அறிவால் தீர்க்க முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் ஏதோ ஒரு பக்கம் நின்றுதான் வாழ்ந்தாக வேண்டும். அப்படியானால் எது உண்மை என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, எந்தப் பக்கம் நிற்பது லாபம் என்று பார்ப்போம். நம்பி, அவரும் இருந்துவிட்டால் கிடைப்பது முடிவில்லாத பேரின்பம். நம்பி, அவர் இல்லாமல் போனால் இழப்பது இந்த ஆயுளின் சில சுகங்கள். அளவில்லாத லாபத்துக்கு எதிரே அளவுள்ள நஷ்டம். ஆகவே நம்பு. வாதம் இவ்வளவுதான்.

பிளேய்ஸ் பாஸ்கல் 1623-ல் பிரான்சில் பிறந்து 1662-ல், 39 வயதில் இறந்தவர். கிறிஸ்தவத்துக்கு ஆதரவாக ஒரு நூல் எழுத அவர் சேர்த்து வைத்த துண்டுக் குறிப்புகள் 1670-ல் ‘பான்சே’ என்ற பெயரில் வெளிவந்தன. பந்தயம் அதில் ஒரு துண்டு. தலைப்பில் ‘முடிவிலி, ஒன்றுமின்மை’ என்று இரண்டே சொற்கள்.

இது கடவுள் இருப்பதற்கான நிரூபணம் இல்லை. ஒன்றை நம்புவதில் எனக்கு ஆதாயம் இருப்பது அது இருக்கிறது என்பதற்குச் சான்றாகுமா என்று பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் 1734-ல் சீறினார். நியாயமான சீற்றம்தான், ஆனால் பாஸ்கல் அங்கே சான்று எதையும் தரவில்லை. அவர் பேசுவது என்ன செய்யலாம் என்பதைப் பற்றி.

2. “இருந்தா லாபம், இல்லாட்டி நஷ்டமில்லை.” எங்க பாட்டியே சொல்லுவாங்க. இதுக்கு ஒரு கணித மேதை எதுக்கு?

பாட்டி சொல்வது பாஸ்கலின் முதல் படி. தத்துவவாதி இயன் ஹாக்கிங் 1972-ல் அந்தத் துண்டைப் பிரித்துப் பார்த்து, அதற்குள் ஒன்றல்ல, மூன்று வாதங்கள் இருப்பதாகக் காட்டினார். முதலாவது இந்த ‘நஷ்டமில்லை’ வாதம். எது நடந்தாலும் ஒரு தேர்வு மற்றதைவிடக் குறைவுபடாது, ஒரு நிலைமையிலாவது மேலாக இருக்கும் என்றால் அதையே எடு என்பது அதன் விதி. இதற்கு நிகழ்தகவே வேண்டாம்.

ஆனால் நஷ்டமே இல்லை என்பது உண்மையா? பாஸ்கல் ஒரு கற்பனை நண்பரோடு பேசுவது போலத்தான் எழுதுகிறார். அந்த நண்பரே குறுக்கிட்டு, “நான் ரொம்ப அதிகமாகப் பணயம் வைக்கிறேனோ என்னவோ” என்கிற மாதிரி இழுக்கிறார். விரதம், வழிபாடு, விட்டுக்கொடுத்த இன்பங்கள் எல்லாம் செலவுதானே? அந்த இடத்தில்தான் பாட்டியின் வாதம் நின்றுபோய் கணிதம் உள்ளே வருகிறது. சமவாய்ப்பு இருப்பதாக வைத்துக்கொண்டு போடும் கணக்கு இரண்டாவது வாதம். வாய்ப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் செல்லுபடியாகும் என்று சொல்லும் கணக்கு மூன்றாவது. பந்தயம் என்று உலகம் சண்டை போடுவது பெரும்பாலும் மூன்றாவதைப் பற்றித்தான்.

3. நான் பந்தயமே கட்டலைன்னா? ஓரமா நிக்கறேன்.

ஓரம் என்று ஒரு இடம் இல்லை, நீ ஏற்கெனவே கப்பலில் ஏறியாயிற்று என்பது பாஸ்கலின் பதில். நம்பாமல் தள்ளிப்போடுகிறவரும், மறுக்கிறவரும் வாழும் வாழ்க்கை நடைமுறையில் ஒன்றுதான், சாகும்போது இருவருக்கும் ஒரே முடிவு என்று அவர் கருதுகிறார்.

இது எல்லாக் கடவுளுக்கும் பொருந்தாது. ‘தெரியவில்லை’ என்று நேர்மையாகச் சொன்னவரையும் மறுத்தவரையும் ஒரே தட்டில் வைக்காத கடவுளாகவும் இருக்கலாமே? இந்தச் சந்தேகம் 12-ஆம் கேள்வியில் மறுபடி வரும்.

4. கணக்கைப் போட்டுக் காட்டுங்க, அப்பதான் புரியும்.

முதலில் எதிர்பார்ப்பு மதிப்பு. 1654 கோடையில் பாஸ்கலும் ஃபெர்மா என்ற கணிதவியலாளரும் கடிதம் எழுதித் தீர்த்த புதிரையே எடுத்துக்கொள்வோம். இருவர் ஆளுக்கு 32 பொற்காசு வைத்து ஆடுகிறார்கள். முதலில் மூன்று ஆட்டம் வெல்பவருக்கு 64 காசும். ஒருவர் 2, மற்றவர் 1 என்று இருக்கும்போது ஆட்டத்தை நிறுத்த நேர்கிறது. எப்படிப் பிரிப்பது? முன்னணியில் உள்ளவர் அடுத்த ஆட்டத்தைத் தோற்றாலும் இருவரும் சமம், அவருக்கு 32 உறுதி. மீதி 32 யாருக்கு என்பது பாதிக்குப் பாதி. ஆகவே அவருக்கு 32 + 16 = 48, மற்றவருக்கு 16. நடக்காத எதிர்காலத்துக்கு இன்றைக்கு விலை போடுவது என்பது இதுதான்: ஒவ்வொரு பலனையும் அதன் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டு.

இதையே கடவுளுக்குப் போடுவோம். அவர் இருக்க நூற்றில் ஒரு வாய்ப்பு, பக்தியாக வாழ்வதற்கு ஆகும் செலவு 10 அலகு, பரிசு 500 அலகு என்று வையுங்கள். (1/100) × 500 − 10 = −5. நஷ்டம், வேண்டாம். பரிசு 10,000 என்றால் (1/100) × 10,000 − 10 = 90. லாபம். பரிசு முடிவிலி என்றால் (1/100) × ∞ − 10 = ∞. இப்போது நூற்றில் ஒன்று என்பதைக் கோடியில் ஒன்று என்று மாற்றிப் பாருங்கள். விடை மாறாது. செலவை 10-லிருந்து பத்து லட்சமாக்குங்கள். அப்போதும் மாறாது. நாத்திகரும் ஆத்திகரும் எந்த எண்ணைப் பற்றிச் சண்டை போடுகிறார்களோ அந்த எண்ணே தேவையில்லாமல் போகிறது. வாதத்தின் மொத்த பலமும் அந்த ∞ குறியில் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். பிறகு உதைக்கப்போவதும் அதுதான்.

5. என்னைப் பொறுத்தவரை வாய்ப்பு பூஜ்யம். இப்ப என்ன பண்ணுவீங்க?

ஒன்றும் பண்ண முடியாது. வாய்ப்பு பூஜ்யத்தைவிடக் கொஞ்சமாவது அதிகம் என்பதுதான் வாதத்தின் நுழைவுச் சீட்டு.

ஆனால் பூஜ்யம் என்பது மிகவும் கனமான எண். நிகழ்தகவை நம்பிக்கையின் அளவு என்று எடுத்துக்கொள்கிறவர்களின் கணக்கில், பூஜ்யத்தில் தொடங்கியவரை எந்தச் சான்றும் நகர்த்த முடியாது. சான்று வர வர நம்பிக்கையின் அளவைத் திருத்தச் சொல்லும் பேயஸ் விதியில், பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம். ‘வட்டமான சதுரம்’ போல, கடவுள் என்ற கருத்திலேயே முரண்பாடு இருப்பதாகக் காட்ட முடிந்தவர் பூஜ்யம் போடலாம். மற்றவர்கள் பூஜ்யம் என்று சொல்வது பெரும்பாலும் ‘மிக மிகக் குறைவு’ என்பதன் உரத்த வடிவம்.

6. நம்புன்னு சொன்னா நம்பிட முடியுமா? மனசு என்ன சுவிட்சா?

முடியாது. கற்பனை நண்பரும் இதையேதான் சொல்கிறார்: என் சுபாவத்துக்கு நம்ப வரவில்லை, நான் என்ன செய்ய? பாஸ்கல் அவரை அதட்டவில்லை. நம்பிக்கையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், பழக்கத்தைத் தேர்ந்தெடு என்கிறார். நம்பியவர்கள் எப்படித் தொடங்கினார்களோ அப்படிச் செய்: புனித நீரைத் தொட்டுக்கொள், திருப்பலிகள் நிறைவேற்றச் சொல். நம்பிக்கை தானே பின்னால் வரும், உன்னை மிருகம் போலவும் ஆக்கும் என்கிறார். அந்தக் கடைசிச் சொல் பலரை முகம் சுளிக்க வைத்தது. உடம்பு ஓர் இயந்திரம், அதைப் பழக்கினால் மனம் பின்தொடரும் என்ற அக்காலக் கருத்தின் பின்னணியில் படித்தால் அவ்வளவு கசக்காது.

இதில் ஒரு சுவாரசியமான உரசல் உண்டு. பாஸ்கல் சார்ந்திருந்த போர்-ரோயால் மடத்து வட்டம் யான்சேனியர்கள் என்ற கத்தோலிக்கப் பிரிவினர். மனிதன் தன் முயற்சியால் அருளைச் சம்பாதிக்க முடியாது, அது கடவுள் தருவது என்று பிடிவாதமாக நம்பியவர்கள். அப்படியானால் பழக்கம் நம்பிக்கையைத் தரும் என்பது எப்படி? பழக்கம் தடைகளை அகற்றும், அவ்வளவுதான் என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை.

7. லாபக்கணக்கு போட்டு வர்றவனை கடவுள் கண்டுபிடிக்க மாட்டாரா?

அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் 1896-ல் இதை நன்றாகவே கிண்டல் செய்தார்: நாமே கடவுளாக இருந்தால், இந்த வகை ஆட்களுக்கு அந்த முடிவில்லாப் பரிசைக் கொடுக்காமல் வெட்டிவிடுவதில் நமக்குத் தனி மகிழ்ச்சி இருக்கும் என்று. பாஸ்கலின் பக்கத்துப் பதில், 6-ஆம் பதிலில் சொன்ன பயிற்சிதான். கணக்கு உன்னை வாசல் வரை கொண்டுவரும். உள்ளே போய்ப் பல வருடம் வாழ்ந்த பிறகு நீ நம்புவது கணக்குக்காக இருக்காது. சம்பளத்துக்காக வாசிக்கக் கற்றுக்கொண்டவர் பிறகு இசைக்காகவே வாசிப்பது போல. இதை ஓர் ஓட்டை என்று சொல்வதைவிட ருசி பற்றிய எரிச்சல் என்றுதான் நான் சொல்வேன். உண்மையான ஓட்டைகள் அடுத்தவை.

8. சரி, அந்த முடிவிலிக் கணக்குல எங்க ஓட்டை?

4-ஆம் பதிலின் கடைசி வரிக்கு வாருங்கள். ஒருவர் சொல்கிறார்: “நான் நம்பவும் மாட்டேன், மறுக்கவும் மாட்டேன். ஒரு நாணயத்தைச் சுண்டுவேன். தலை விழுந்தால் நம்பும் வழியில் போவேன், பூ விழுந்தால் இல்லை.” இவருடைய எதிர்பார்ப்பு மதிப்பு என்ன? (1/2) × ∞ + (1/2) × (ஏதோ ஓர் அளவுள்ள எண்) = ∞. அதாவது முழு மனதோடு நம்பப் போனவருக்கு என்ன மதிப்போ அதே மதிப்பு. நாணயத்துக்குப் பதில் பகடை உருட்டி ஆறு விழுந்தால் மட்டும் நம்புகிறேன் என்றாலும் (1/6) × ∞ = ∞. இதைக் கலப்பு உத்தி என்பார்கள்.

இன்னும் மோசமாகும். நாணயம், பகடை எதுவும் வேண்டாம், டீ குடிக்கப் போகிறேன் என்கிறீர்கள். போகிற வழியில் யாரையாவது சந்தித்து மனம் மாறி விசுவாசி ஆகிவிட ஒரு சின்ன வாய்ப்பு எப்போதும் உண்டு. கோடியில் ஒன்று என்றாலும் அதை ∞-ஆல் பெருக்கினால் ∞. நம்பாமலிருக்க உறுதி எடுத்துக்கொண்டாலும் அந்த உறுதி உடைய ஒரு வாய்ப்பு இருக்கிறது, அதற்கும் ∞. ஆக எதைச் செய்தாலும் மதிப்பு ஒன்றுதான். அப்படியானால் ‘நம்பு’ என்று பரிந்துரைக்கக் கணக்குக்கு எந்த உரிமையும் இல்லை. ஆண்டனி டஃப் 1986-ல் எழுப்பிய இந்த மறுப்பை ஆலன் ஹாயெக் 2003-ல் கூர்மையாக்கினார். அவர் முடிவு: பரிசு முடிவிலி என்று ஒப்புக்கொண்டாலும், வாய்ப்பு பூஜ்யமில்லை என்று ஒப்புக்கொண்டாலும், எதிர்பார்ப்பு மதிப்பை அதிகமாக்கு என்று ஒப்புக்கொண்டாலும், முடிவு அவற்றிலிருந்து வரவில்லை. மறுப்புகளிலேயே எனக்குப் பிடித்தது இது. பாஸ்கல் கேட்ட எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, அப்புறமும் வாதம் நிற்கவில்லை என்று காட்டுகிறது.

9. ∞ தானே பிரச்சினை? அதுக்குப் பதிலா ரொம்பப் பெரிய எண்ணை வெச்சிட்டா போச்சு.

கணக்கு உடனே சரியாகிவிடும். பரிசு 10,000 அலகு என்றால் நாணயம் சுண்டுகிறவருக்கு அதில் பாதி வாய்ப்பு, நேராக நம்புகிறவருக்கு முழு வாய்ப்பு. 4-ஆம் பதிலின் எண்களில் நேராக நம்புவதற்கு 90, சுண்டுவதற்கு 45. நம்புவது ஜெயிக்கிறது. ஆனால் இரண்டு விலை கொடுக்க வேண்டும்.

முதல் விலை இறையியல் சார்ந்தது. அந்தத் துண்டின் தொடக்கத்திலேயே பாஸ்கல் எழுதுகிறார்: முடிவிலியோடு ஒன்றைச் சேர்த்தால் அது கூடுவதில்லை. பேரின்பத்தோடு எதைச் சேர்த்தாலும் அது இன்னும் மேலாகாது என்பதுதான் அவர் நம்பிக்கைக்கு மையம். அளவுள்ள எண்ணை வைத்தால் அதைவிட நல்லது ஒன்று இருக்க முடியும், சொர்க்கம் உச்சம் இல்லை என்றாகிறது. ஹாயெக் இதைக் கிடுக்கி போலப் பிடிக்கிறார்: கூட்டினாலும் கூடாத மதிப்பு என்றால், வாய்ப்பால் பெருக்கினாலும் குறையாது, நாணயம் சுண்டுகிறவர் வந்துவிடுவார். பெருக்கினால் குறையும் மதிப்பு என்றால், அது பாஸ்கல் சொன்ன சொர்க்கம் இல்லை.

இரண்டாவது விலை எல்லோருக்கும். அளவுள்ள பரிசு என்றால் வாய்ப்பு மறுபடி முக்கியமாகிறது. நூற்றில் ஒன்றா, லட்சத்தில் ஒன்றா என்பதைப் பொறுத்து விடை மாறும். அதைத் தீர்க்கச் சான்றுகளைத்தான் பார்க்க வேண்டும். சான்றுகளால் தீராது என்றுதானே பந்தயத்துக்கே வந்தோம்?

10. அப்ப நாங்க மட்டும் சின்ன வாய்ப்புக்குப் பயந்து காப்பீடு எடுக்கறோமே? பெரிய லாபத்துக்குச் சின்ன வாய்ப்பைப் பெருக்கறது தப்பா?

தப்பில்லை. ஆனால் அதை எல்லை இல்லாமல் செய்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஒரு பழைய சூதாட்டம் இருக்கிறது. தலை விழும் வரை நாணயம் சுண்டுங்கள். முதல் சுண்டலில் விழுந்தால் 2 ரூபாய், இரண்டாவதில் 4, மூன்றாவதில் 8, இப்படி இரட்டிப்பு. எதிர்பார்ப்பு மதிப்பு: (1/2) × 2 + (1/4) × 4 + (1/8) × 8 + … = 1 + 1 + 1 + …, முடிவே இல்லை. அப்படியானால் இதை ஆட உங்கள் வீட்டையே விற்கலாம். ஆனால் 1,000 ரூபாய்க்கு மேல் கிடைக்க முதல் ஒன்பது சுண்டலும் பூ விழ வேண்டும், அதற்கு வாய்ப்பு 512-ல் ஒன்று. 1,000 ரூபாய் கட்டி ஆட வகுப்பில் யாரும் இதுவரை கை தூக்கவில்லை. நிக்கோலஸ் பெர்னூலி 1713-ல் எழுப்பிய இந்த வகைப் புதிருக்கு டேனியல் பெர்னூலி 1738-ல் சொன்ன பதில்: பணம் ஏற ஏற அதன் பயன் மெதுவாகத்தான் ஏறுகிறது. அதுவும் முழுதாகப் போதாது, பரிசை இன்னும் வேகமாக ஏற்றினால் புதிர் திரும்பி வரும். ஆகவே பலர் பயனுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்கிறார்கள். உச்சவரம்பு வந்தால் ∞ போகிறது, ∞ போனால் 9-ஆம் பதிலின் நிலைமைதான்.

இதே பலவீனத்தை நக்கலாகக் காட்டுவது ‘பாஸ்கல் வழிப்பறி’. 2007-ல் எலியேசர் யுட்கோவ்ஸ்கி கிளப்பியது, 2009-ல் நிக் பாஸ்ட்ரம் சின்ன உரையாடலாக எழுதினார். ஆயுதத்தை எடுத்துவர மறந்த திருடன் ஒருவன், “பணப்பையைக் கொடுத்தால் நாளைக்குப் பலமடங்கு தருகிறேன்” என்கிறான். நம்ப வாய்ப்பில்லை என்றால், “அப்படியானால் பரிசைக் கூட்டுகிறேன்” என்கிறான். உங்கள் சந்தேகம் எவ்வளவு பெரியதோ அதைவிட வேகமாக அவன் வாக்குறுதி வளர்கிறது. கணக்கு ‘கொடு’ என்கிறது. கொடுக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரிகிறது. எந்த விதியால் மறுப்பது என்பதுதான் இன்னும் சண்டை.

11. எல்லாம் சரி, எந்தக் கடவுள்? அதைச் சொல்லவே இல்லையே.

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பாஸ்கலின் அட்டவணையில் இரண்டே வரிசை: கிறிஸ்தவக் கடவுள் இருக்கிறார், இல்லை. பிரெஞ்சுத் தத்துவவாதி திதெரோ 18-ஆம் நூற்றாண்டிலேயே ஒரே வரியில் முடித்தார்: ஓர் இமாமும் இதே வாதத்தைச் சொல்லலாம்.

எண்ணில் பார்ப்போம். ‘அ’ என்ற கடவுள் தன்னை நம்புகிறவருக்கு மட்டும் முடிவில்லாப் பேரின்பம் தருகிறார், இருக்க வாய்ப்பு 1/10. ‘ஆ’ தன்னை நம்புகிறவருக்கு மட்டும் தருகிறார், வாய்ப்பு 1/1000. அ-வை நம்பினால் (1/10) × ∞ = ∞. ஆ-வை நம்பினால் (1/1000) × ∞ = ∞. நூறு மடங்கு வாய்ப்பு வித்தியாசம் இருந்தும் கணக்குக்கு இருவரும் ஒன்று. நாத்திகரை மௌனமாக்கிய அதே ∞ இப்போது அ-வின் பக்தரையும் மௌனமாக்குகிறது.

ஒரு நியாயம் பாஸ்கலுக்கும் உண்டு. அவர் இந்தத் துண்டைத் தனியாக விட்டுவைக்க நினைக்கவில்லை. மற்ற துண்டுகளில் இஸ்லாம் உட்பட மற்ற மதங்களை ஒதுக்க முயன்றிருக்கிறார், தீர்க்கதரிசனங்களைச் சான்றாகக் காட்டியிருக்கிறார். அந்தச் சான்றுகள் பலமா என்பது வேறு விஷயம். பந்தயம் மட்டும் தனியாக வேலை செய்யாது என்பதற்கு அவரே சாட்சி என்று எடுத்துக்கொள்கிறேன்.

12. அதிக வாய்ப்பு உள்ளவரை எடுத்துக்க வேண்டியதுதானே? அதுல என்ன குழப்பம்?

ஜார்ஜ் ஷ்லெசிங்கர் என்ற தத்துவவாதி சொன்னதும் அதுவே: எதிர்பார்ப்புகள் எல்லாம் முடிவிலி என்று சமமாக நின்றால், பரிசு கிடைக்கும் வாய்ப்பு எதில் அதிகமோ அதை எடு. பால் பார்த்தா 2007-ல் முடிவிலிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அளக்கும் முறை ஒன்றைத் தந்து இந்த உள்ளுணர்வுக்குக் கணித வடிவம் கொடுத்தார். இதன்படி 11-ஆம் பதிலில் அ ஜெயிக்கிறார், 8-ஆம் பதிலின் நாணயம் சுண்டுகிறவர் தோற்கிறார். நல்ல மருந்துதான்.

ஆனால் பக்கவிளைவைப் பாருங்கள். மூன்றாவதாக ‘இ’ என்ற கடவுள்: ஆதாரம் இல்லாமல் நம்பாதவரை, 3-ஆம் கேள்வியில் வந்த நேர்மையான ‘தெரியவில்லை’ ஆளை மட்டும் அணைத்துக்கொள்பவர். அவருக்கு வாய்ப்பு 1/20 என்று ஒருவர் நினைத்தால் விதி அ-வைச் சொல்லும். 1/8 என்று நினைத்தால் அதே விதி ‘நம்பாதே’ என்று சொல்லும். இரண்டுக்கும் நடுவே தீர்ப்பது எது? அ-வுக்கும் இ-க்கும் உள்ள சான்று. 9-ஆம் பதிலில் அளவுள்ள எண் வழியாக வந்து சேர்ந்த அதே வாசலுக்கு இப்போது வேறு தெரு வழியாக வந்திருக்கிறோம்.

13. யாருமே கும்பிடாத கடவுளை இட்டுக்கட்டிச் சேர்க்கறது விதண்டாவாதம் இல்லையா?

இட்டுக்கட்டுவதில் தத்துவவாதிகள் எல்லை மீறியதும் உண்டு. நடைபாதைக் கற்களுக்கு இடையிலுள்ள கோடுகளில் வாழ்நாளில் ஒன்றே ஒன்றை மிதித்தவர்களுக்கு மட்டும் சொர்க்கம் தரும் கடவுளை ரிச்சர்ட் கேல் கொண்டுவந்தார். விசுவாசிகளைத் தண்டிக்கும் கடவுளை மைக்கேல் மார்ட்டின் கொண்டுவந்தார். பந்தயத்தை ஆதரிப்பவர்கள் இவற்றுக்கு மரபில்லை, சாட்சியில்லை, மனிதர்க்கு உயிருள்ள தேர்வாகவே தோன்றாது என்று ஒதுக்குகிறார்கள். ‘உயிருள்ள தேர்வு’ என்பது ஜேம்ஸின் சொல். ஒரு கருத்து எனக்கு உண்மையாக இருக்கலாம் என்று படவே இல்லை என்றால் அது எனக்குத் தேர்வே இல்லை என்பார் அவர்.

நடைபாதைக் கடவுளை நானும் நம்பவில்லை. ஆனால் ஆதரிப்பவர் இரண்டு நாக்கில் பேசக்கூடாது. தன் கடவுளைப் பற்றிப் பேசும்போது, வாய்ப்பு எவ்வளவு சிறியதானாலும் போதும், பூஜ்யமில்லை என்றால் சரி என்கிறார். அடுத்தவர் கடவுளைச் சொல்லும்போது, அது அற்ப வாய்ப்பு, விட்டுவிடலாம் என்கிறார். அற்ப வாய்ப்பை விடலாம் என்று ஒரு விதி இருந்தால், தன் கடவுளுக்கு அற்பமல்லாத வாய்ப்பு இருப்பதை அவர் முதலில் காட்ட வேண்டும். மேலும் இ என்பவர் நடைபாதைக் கடவுள் மாதிரி கேலிக்கானவர் இல்லை. நேர்மையை விரும்பும் கடவுள் என்பது எந்த மதத்துக்கும் அந்நியமில்லையே.

14. எங்க வீட்டுப் பூஜை அறையில முருகன், வேளாங்கண்ணி மாதா, நாகூர் தர்கா படம் எல்லாமே இருக்கு. நாங்க எல்லாப் பந்தயமும் கட்டிட்டோம்ல?

இதைக் கேட்டவர் சிரித்துக்கொண்டே கேட்டார், ஆனால் கேள்வி நல்ல கேள்வி. தன்னை மட்டும் வணங்கு என்று நிபந்தனை போடும் கடவுளிடம் இந்த அறை செல்லாது. அ, ஆ இருவரும் அப்படிப்பட்டவர்கள் என்றால், இருவரையும் கும்பிட்டவருக்கு இருவரிடமும் பரிசு இல்லை. நிபந்தனை போடாத கடவுளிடம் அறை செல்லும். ஆனால் அவ்வளவு தாராளமானவர், படமே மாட்டாத அடுத்த வீட்டுக்காரரையும் ஒதுக்கமாட்டார் என்று நினைக்க இடமுண்டு. பந்தயத்துக்குத் தேவை கண்டிப்பான கடவுள். கண்டிப்பு கூடினால் போட்டிக் கடவுளரும் கூடுகிறார்கள்.

15. நரகத்தைச் சேர்த்தா கணக்கு பலமாகாதா?

பலவீனமாகும். பாஸ்கல் அந்தக் கணக்கில் முடிவிலி நஷ்டத்தை நுழைக்கவில்லை, லாபத்தை மட்டுமே வைத்தார். அவர் செய்தது நல்லது. அ-வை நம்பினேன், இருப்பது ஆ, அவர் மாற்று பக்தர்களை நித்திய நரகத்தில் தள்ளுபவர் என்று வையுங்கள். அ-வை நம்புவதன் மதிப்பு (1/10) × ∞ + (1/1000) × (−∞). முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்தால் விடை என்ன? விடையே கிடையாது, பூஜ்யமும் இல்லை. சமம் என்றாவது சொல்ல முடிந்த இடத்தில் இப்போது வாயே திறக்க முடியாது.

16. இதை முதல்ல சொன்னவர் பாஸ்கல்தானா?

இல்லை. கிறிஸ்தவர்களில் கி.பி. 300-ஐ ஒட்டி வாழ்ந்த அர்னோபியஸிடம் இதன் சாயல் உண்டு. இன்னும் பழையது பாலி மொழியில், மஜ்ஜிம நிகாயம் என்ற பௌத்தத் தொகுப்பின் 60-ஆவது உரை, அபண்ணக சுத்தா. சாலா என்ற ஊர்ப் பிராமணர்களிடம் புத்தர் பேசுகிறார்: மறுவுலகம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் தீயொழுக்கம் உள்ளவனை இங்கேயே அறிந்தோர் பழிப்பார்கள். இருந்துவிட்டால் இரண்டு பக்கமும் தோல்வி. நல்லொழுக்கம் உள்ளவனுக்கு இரண்டு பக்கமும் வெற்றி.

இதில் ∞ இல்லை, பெருக்கல் இல்லை. 2-ஆம் பதிலில் பார்த்த ‘நஷ்டமில்லை’ வகை வாதம் இது. பணயம் வைப்பதும் நம்பிக்கையை மட்டும் அல்ல, நடத்தையை. அதனால் நாணயம் சுண்டுகிறவரும் பல கடவுளரும் இதை அசைப்பதில்லை. ஆனால் நல்லவனாக இருப்பதற்குச் செலவே இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அது எல்லோருடைய அனுபவமும் இல்லை.

17. பாஸ்கல் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் பக்திக்கு வந்தாரா?

அப்படித் தெரியவில்லை. 1654 நவம்பர் 23 இரவு, ஏறக்குறைய பத்தரை மணியிலிருந்து பன்னிரண்டரை மணி வரை அவருக்கு ஏதோ ஒன்று நேர்ந்தது. அதை உடனே ஒரு தாளில் துண்டு துண்டான சொற்களாக எழுதினார். ‘நெருப்பு’ என்று ஒரு சொல் தனியே நிற்கிறது. ஆபிரகாமின் கடவுள், தத்துவவாதிகளுடைய கடவுள் அல்ல என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. அந்தக் குறிப்பைத் தன் மேலங்கியின் உள்துணியில் வைத்துத் தைத்துக்கொண்டார். அவர் இறந்த பிறகு ஒரு வேலைக்காரர் துணி தடிப்பாக இருப்பதைக் கவனித்துப் பிரித்தபோதுதான் அது வெளியே வந்தது. ஃபெர்மாவோடு பொற்காசுகளைப் பிரித்த அதே வருடம்தான். அந்தத் தாளில் தேதியும் நேரமும் இருக்கின்றன, வாய்ப்புக் கணக்கு ஒரு வரிகூட இல்லை.